லூசில் விற்ற எபாக்சி

சிலிகான் பசை டியூபை, அதைப் பிதுக்குகிற கன்னில் மாட்டி மலர்க்கொடியிடம் கொடுத்து, "அழுத்திப் பாரு, நேத்து ஒருத்தன் விசை இறுக்கமா இருக்குன்னு திருப்பிக் கொண்டாந்துட்டான்" என்றேன். அவள் அழுத்தினாள். விசை அசையவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். அப்புறம் கன்னைக் கல்லா மேல் மெதுவாக வைத்துவிட்டாள்.

"என்னடி, காலையில கஞ்சி குடிக்கலையா?" என்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் அவள் கையைப் பார்த்தேன். யா அல்லாஹ்! விரல் இடுக்கு முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளம். சிலது உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. புறங்கைத் தோல் சிவந்து, தடித்து, கோடுகோடாக வெடித்திருந்தது. முகத்தைப் பார்த்தால் இரண்டு கண் இமையும் வீங்கிக் கிடந்தன. முந்தின வாரம் என் கடையில் நின்று சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவள்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லக்கா, சேத்துப்புண்ணு. பத்து நாளு நடவுக்குப் போனேன்ல."

"சேத்துப்புண்ணு கண்ணு இமையிலயுமா வரும்?"

"கையால கண்ணத் தேச்சிருப்பேன்" என்றாள். மருதாணி அரைத்துப் பூசியதாகவும், நாலு நாளில் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். நானும் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? திருத்துறைப்பூண்டியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவள் நான். ஐப்பசி மாதம் என் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் காலில் சேற்றுப்புண்ணோடுதான் வருவார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பர்வின். வீட்டுக்காரர் அப்சர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவர் அனுப்பியதில் ஆரம்பித்த கடையைப் பன்னிரண்டு வருஷமாக நான்தான் நடத்துகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். கொத்தனாரும் பிளம்பரும் வந்து நிற்கிற கடையில் வாயில்லாத பொம்பளை ஒரு நாள் நிற்க முடியாது. ஆனால் இந்தக் கதை என்னைப் பற்றியது இல்லை. மலர்க்கொடியைப் பற்றியது. என்னைப் பற்றி வருகிற இடமெல்லாம் எனக்கு அசிங்கமான இடம்தான். அதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலர்க்கொடிக்குப் பக்கத்துக் கிராமம். அம்மா, அப்பா, அவர்களுடைய அம்மா, அப்பா எல்லாருமே அடுத்தவன் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். இவளும் பத்தாவதோடு நின்று நடவுக்குப் போனவள். கல்யாணம் ஆன பிறகுதான் சித்தாளாக டைல்ஸ் வேலைக்கு வந்தாள். வீட்டுக்காரன் பரிதி நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறான். அறுப்புக் காலத்தில் வீடு தங்க மாட்டான், மற்றக் காலத்தில் வீட்டை விட்டு நகர மாட்டான். ஒரே மகள் பூவிழி திருவாரூரில் கல்லூரிக்குப் போகிறாள்.

டைல்ஸ் ஒட்டுவது ஆண்கள் வேலை, இடுக்கை அடைப்பது சித்தாள் வேலை என்பது இங்கே வழக்கம். கொத்தனார் டைல்சை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வெள்ளை சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து, துணியால் வழித்து விடுவது பெண்களின் பாடு. அதற்கு மூளை எதுவும் வேண்டாம் என்று ஒரு நினைப்பு. மலர்க்கொடி வந்த பிறகுதான் இந்த ஊரில் அந்த நினைப்பு மாறியது.

ஒரு நாள் என் கடைக்கு வந்து, "அக்கா, குளிக்கிற ரூம்புல நான் அடைச்ச வெள்ளை சிமெண்டு ஒரு வருஷத்துல கறுத்துப் போயி பொடிப்பொடியா உதிருது. கீழ் வீட்டுக் கூரையில தண்ணி இறங்குது. என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். அதுவரைக்கும் ஒரு கொத்தனாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கறுத்தால் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்வார்கள். ஆசிட் அழுக்கைத் தின்கிறதோ இல்லையோ, இடுக்கில் இருக்கிற சிமெண்டைத் தின்றுவிடும். அப்புறம் தண்ணீர் நேராக உள்ளே போகும்.

எனக்குக் கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். படுக்கை அறை, கூடம் மாதிரி ஈரம் படாத இடத்துக்கு, இடுக்கை அடைக்கிற பூச்சாக சிமெண்ட் கிரவுட்டே போதும். எந்நேரமும் தண்ணீர் நிற்கிற குளியலறைத் தரைக்கும், மஞ்சளும் எண்ணெயும் கொட்டுகிற அடுப்படி மேடைக்கும் எபாக்சி கிரவுட். அது தண்ணீரை உறிஞ்சாது, கறை பிடிக்காது. சுவரும் தரையும் சேருகிற மூலையில் மட்டும் எந்த கிரவுட்டும் வேண்டாம். சுவர் ஒரு பக்கம் அசையும், தரை ஒரு பக்கம் அசையும். அங்கே இழுத்தால் நீளுகிற சிலிகான்தான் நிற்கும்.

அவள் ஒரு தடவை கேட்டால் போதும். அடுத்த மாதம் எனக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்! "அக்கா, ஜன்னலுக்கு அந்தப் புளிச்ச வாடை அடிக்கிற சிலிகானக் குடுத்திடாதீங்க, அது செவுத்துல பிடிக்கல, உரிஞ்சு வருது" என்று வந்து நின்றாள். சரியாகத்தான் சொன்னாள். காய்கிறபோது காடி மாதிரி நெடி அடிக்கிற சிலிகான் கண்ணாடிக்கும் பளபளப்பான டைல்சுக்கும் சரி. சிமெண்ட் சுவரில் ஒட்டாது. மார்பிளில் கறை வைக்கும். முகம் பார்க்கிற கண்ணாடியின் பின்னால் போட்டால் பாதரசம் பூசியது போலிருக்கிற பூச்சை அரித்துவிடும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நெடி இல்லாத நியூட்ரல் சிலிகான்தான் போட வேண்டும். இதை அந்தப் பத்தாவது படித்தவள் ஒரே ஒரு ஜன்னலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

எபாக்சி வேலைதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அது மூன்று பொருள். ஒரு டப்பாவில் பிசின், சின்ன டப்பாவில் அதை இறுக்குகிற ஹார்டனர், ஒரு பையில் பவுடர். பிசினையும் ஹார்டனரையும் முதலில் கலந்து, அப்புறம் பவுடரைக் கொட்டிப் பிசைந்தால் அரை மணி, முக்கால் மணிக்குள் அடைத்து, மேலே படிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அந்த நேரமும் குறையும். விட்டால் டைல்ஸ் மேல் கல்லாக இறுகிவிடும், சுரண்டினால் டைல்ஸ்தான் போகும். கொத்தனார்கள் பயந்துகொண்டு தொடவே மாட்டார்கள். மலர்க்கொடி அசரவில்லை. ரப்பர் பட்டையால் இழுத்துவிட்டு, மூலைகளில் வெறும் விரலால் அழுத்துவாள். விரலை ஓட்டினாலே எந்த இடத்தில் உள்ளே காலி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றிக் கையைக் கழுவிக்கொள்வாள். இரண்டு வருஷத்தில் முத்துப்பேட்டை வரைக்கும் அவளைத் தேடி ஆள் வந்தார்கள்.

இனிமேல்தான் என் லட்சணம்.

எபாக்சி எனக்கு ஐந்து கிலோ வாளியாக வரும். ஒரு சின்னக் குளியலறைக்கு அவ்வளவு வேண்டாம். "லூஸ்ல குடுங்கக்கா" என்று கேட்பார்கள். நான் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு! பிசினுக்கு இவ்வளவு ஹார்டனர் என்று வாளியில் போட்டிருக்கிற எடைக் கணக்கு ஒரு கிராம் பிசகினாலும் கிரவுட் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். அதனால் நகைக் கடைத் தராசு மாதிரி ஒன்று வாங்கி வைத்து, தனித்தனி டப்பாவில் நிறுத்துக் கொடுத்தேன். என் கடை லூஸ் எபாக்சி ஒரு தடவைகூட இறுகாமல் போனதில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒவ்வொரு வாளியிலும் மூடியைத் திறந்ததும் மேலே ஒரு ஜோடி கிளவுசும், மடித்த காகிதம் ஒன்றும் இருக்கும். ஒரு வாளியை நான்கு பேருக்குப் பிரிக்கிறேன், ஒரு ஜோடி கிளவுசை நான்கு பேருக்கு எப்படிப் பிரிப்பது? எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டேன். காகிதம் குப்பைக்குப் போனது. கிளவுஸ் வீட்டுக்குப் போனது.

வாளியில் இருந்ததில் இடுக்குக்கு வேண்டியதை எல்லாம் கிராம் கணக்கில் பிரித்துக் கொடுத்தேன். கைக்கு என்று இருந்ததை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். இதை இன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெகபர் அலி வீட்டு வேலை வந்தது. குவைத்திலிருந்து வந்தவர், மாடி வீடு, நாலு குளியலறை, பெரிய அடுப்படி. அவர் மனைவி சஃபியா என் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மலர்க்கொடியோடுதான் எல்லாவற்றையும் பேசி முடிவு செய்தார். எதில் எபாக்சி, எங்கே சிலிகான், என்ன நிறம் என்று. சஃபியா எல்லா இடத்துக்கும் எபாக்சிதான் வேண்டும் என்று நின்றார். மலர்க்கொடி, "கூடத்துக்கு எதுக்கும்மா, வீண் செலவு" என்று அவரைச் சமாதானப்படுத்தினாள். கடைசியில் நாலு குளியலறைக்கும் அடுப்படிக்கும் எபாக்சி, ஜன்னலுக்கு நியூட்ரல் சிலிகான் என்று முடிவானது. கொத்தனாருக்குக் கீழே இல்லாமல், வேலையை அவள் பேரிலேயே எடுத்துச் செய்வது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நடுவில் சொந்தக்காரர் வயலில் ஆள் இல்லை என்று பத்து நாள் நடவுக்குப் போனாள். கை நமைச்சல் அதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. நடவில் நின்ற நாளில் கொஞ்சம் காய்ந்திருக்கிறது. திரும்பி வந்து மூன்றாவது குளியலறையில் எபாக்சியைப் பிசைந்த மறுநாள்தான் கொப்புளமாக வெடித்திருக்கிறது. ஆனால் நடவுக்காரிக்குக் கையில் புண் வந்தால் சேறுதான் என்று பழி போடத்தான் தெரியும். சேற்றுப்புண்ணைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள், வேறு எதையும் சந்தேகப்படவில்லை.

நாலு நாளில் சரியாகும் என்றவள் ஆறாவது நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கடை வாசலில் வந்து நின்றாள். பூவிழிதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "அத்தை, அம்மா ராத்திரியெல்லாம் தூங்கல. பூசுற மருந்து எதுவும் கேக்கல" என்று அழுதாள். நான் ஷட்டரை இழுத்துவிட்டு, மலர்க்கொடியை மட்டும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். தோல் டாக்டருக்கு முன்கூட்டியே போன் செய்தபோது, என்ன பொருளில் வேலை செய்கிறாளோ அதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கடையில் இருந்த புது வாளி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா மலர்க்கொடியின் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எந்த வேலை செய்றப்போ அதிகமாகுது?" என்று கேட்டார். அவள் சேறு, நடவு என்று ஆரம்பித்தாள். "கால்ல இருக்கா?" என்று கேட்டார். இல்லை. சேற்றில் முழங்கால் வரைக்கும் நின்றவளின் காலில் ஒரு புள்ளிகூட இல்லை! இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

டாக்டரம்மா வாளியின் மேலே எழுதியிருப்பதைப் படித்தார். பிறகு மூடியைத் திறந்தார்.

மேலேயே கிளவுஸ் ஒரு ஜோடி, பாலிதீன் உறைக்குள், மடித்து வைத்தபடி. அதை எடுத்து மேஜை மேல் போட்டார். பக்கத்தில் காகிதத்தை விரித்தார். காகிதத்தின் தலைப்பிலேயே ஒரு கைப் படமும் கிளவுஸ் படமும். படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற படம்.

"இத ஏம்மா போடல?" என்று மலர்க்கொடியைக் கேட்டார்.

"இதுக்குள்ள இதெல்லாம் வருமா?" என்றாள் மலர்க்கொடி. கேட்டுவிட்டு, வீங்கிய இமையை முடிந்த அளவுக்குத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் மேஜை மேல் கிடந்த கிளவுசையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தது எங்கிருந்தோ கேட்டது. இறுகாத பிசினும் ஹார்டனரும் திரும்பத் திரும்பத் தோலில் படப்பட, ஒரு நாள் உடம்பு அதை எதிரி என்று முடிவு செய்துவிடுமாம். அது ஒரு வாரத்திலும் வரலாம், இரண்டு வருஷம் கழித்தும் வரலாம். தின்னரால் கையைக் கழுவுவது இன்னும் மோசம், தோலின் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பிசினுக்கு வழி திறந்து விடுகிற காரியம். "மொதல்ல புண்ணு ஆறட்டும். அப்புறம் முதுகுல மருந்துப் பட்டை ஒட்டி, எது ஒத்துக்கலன்னு பாக்கலாம். இந்தப் பொருள அப்படியே தோல்ல வெச்சுப் பாக்கக் கூடாது, அதுக்குன்னு தனியா இருக்கு" என்றார்.

திரும்புகிற பஸ்ஸில், மன்னார்குடியில் ஆள் இறங்கி ஏறுகிற சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்.

"அந்தக் கிளவுசு எல்லாம் எங்கக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். எல்லா வாளியிலும் வராது என்று சொன்னால் நம்பியிருப்பாள். என்னை அவ்வளவு நம்பினவள். ஆனால் அந்தக் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"வீட்டுல இருக்கு" என்றேன்.

"வீட்டுல எதுக்கு?"

"இறால் உரிக்க."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருத்துறைப்பூண்டியில் இறங்குகிற வரை திரும்பவே இல்லை. இறங்கியதும், "வர்றேங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக 'அக்கா' என்ற வார்த்தை இல்லாமல் ஒரு 'வர்றேங்க'. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மூன்று வாரம் அவள் கடைப் பக்கம் வரவில்லை. பட்டை ஒட்டவும், பார்க்கவும், மறுபடி பார்க்கவும் மகளோடுதான் தஞ்சாவூர் போய் வந்தாள். முடிவை எனக்குப் பூவிழி போனில் சொன்னாள். எபாக்சி பிசின் வைத்த இடத்தில் முதுகு பொங்கிவிட்டதாம். "இனிமே ஆயுசுக்கும் தொடக் கூடாதாம் அத்தை. கிளவுசு போட்டும் கூடாதாம். பிசையிற எடத்துல நின்னாலே மூஞ்சி வீங்குமாம். நல்லா இறுகிக் காஞ்சதுக்கு அப்புறம் தொட்டா ஒண்ணும் செய்யாதாம்."

ஆயுசுக்கும்! நான் போனை வைத்துவிட்டு, சிமெண்ட் மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வயதுகூட ஆகாதவள். நடவிலிருந்து சித்தாளாகி, சித்தாளிலிருந்து தன் பேரில் வேலை எடுக்கிற இடத்துக்கு வந்தவள். ஊரில் எவனும் தொடப் பயந்த வேலையைத் தொட்டவள். தொடக் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். முடித்தது டாக்டரா, நானா? வீட்டுக்குப் போய் அடுப்படி அலமாரியில் இருந்த கிளவுசை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பிரிக்காதது மட்டும் பதினோரு ஜோடி.

ஜெகபர் அலி வீட்டில் நாலாவது குளியலறையும் அடுப்படியும் பாக்கி. சஃபியா நல்ல மனுஷி, வேறு ஆளைக் கூப்பிடாமல் காத்திருந்தார். ஆனால் மலர்க்கொடியே போய், "வேற ஆளப் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். ஜன்னல் சிலிகானை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கிளவுஸ் போட்டு அவள் முடித்துக் கொடுத்தாள். அதை சஃபியாதான் எனக்குச் சொன்னார். "கார்த்திகை மழை என்ன அடி அடிச்சுது, ஒரு சொட்டு உள்ள வரல பர்வின்" என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கிறேன், மலர்க்கொடி வந்து நிற்கிறாள். கை ஆறியிருந்தது. ஆனால் தோல் பழைய தோல் இல்லை. தடித்து, கறுத்து, மடிப்புமடிப்பாக இருந்தது. சிலிகான் ஆறு டியூப் வேண்டும் என்றாள். எடுத்து வைத்தேன். காசு வேண்டாம் என்றதற்கு, "வேணாங்க, கணக்கு சரியா இருக்கட்டும்" என்று எண்ணி வைத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மலரு, நான் என்னடி செய்யட்டும்? சொல்லு, என்ன வேணும்னாலும் செய்றேன்."

"லூசு இன்னும் குடுக்குறீங்களா?"

"இல்லடி. அன்னையோட நிறுத்திட்டேன். முழு வாளிதான், கிளவுசோட."

"இதுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போனவங்க?"

அடிப் பாவி! அதை நான் யோசித்ததே இல்லை. மூன்று வாரமாக அழுது, மாய்ந்து, என் பாவத்தை எல்லாம் மலர்க்கொடி ஒருத்தியின் கையிலேயே வைத்திருந்தேன். லூசில் வாங்கியவர்கள் இன்னும் எட்டு பேரோ, பத்து பேரோ. அவர்களுக்கெல்லாம் கை இல்லையா?

வாயைத் திறப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. கொத்தனார் குஞ்சிதபாதம். மாதத்துக்கு இரண்டு தடவையாவது என்னிடம் அரை வாளி, கால் வாளி என்று எபாக்சி வாங்குகிறவர். பின்னால் அவருடைய சித்தாள் ராமாயி, காலி பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கவில்லை.

"ஒரு குளிக்கிற ரூம்புதாம்மா. கால் வாளி நிறுத்துக் குடுங்க, வெள்ளை" என்றார் குஞ்சிதபாதம்.

"லூஸ் இல்லிங்க கொத்தனாரே. முழு வாளிதான்."

"இதென்ன புதுசா? எப்பவும் குடுப்பீங்களே?"

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்றாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பொருள் கையைக் கெடுக்கும், கிளவுஸ் உள்ளேயே வருகிறது, அதை இத்தனை நாள் உங்களுக்குக் கொடுக்காமல் நான் எடுத்துக்கொண்டேன். இவ்வளவுதான். கடை வாசலில் நின்று ஊரையே விலைக்குக் கேட்கிற இந்த வாய், அன்றைக்கு இந்த மூன்று வாக்கியத்துக்குத் திறக்கவில்லை. குஞ்சிதபாதம் ஊரெல்லாம் சொல்வார். பன்னிரண்டு வருஷக் கடை. "கம்பெனியில லூஸ் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றேன்.

சொன்ன அந்த நிமிஷமே செத்துவிடலாம் போல இருந்தது.

"அப்ப விடுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் புதுசா கடை போட்டிருக்கான், அவன் குடுக்குறான்" என்று குஞ்சிதபாதம் திரும்பினார்.

மலர்க்கொடி அவரைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த ராமாயியின் முன்னால் போய் நின்றாள்.

"ஏ ராமாயி. உங் கையக் காட்டு."

ராமாயி கையைப் பெயிண்ட் டப்பாவுக்குள் விட்டுக்கொண்டாள்! "எதுக்குக்கா?" என்று சிரிக்கப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, பாத்திரம் தேய்க்கிற பவுடரு ஒத்துக்கல."

"காட்டுடி."

மெல்ல வெளியே எடுத்தாள். நான் கடைக்குள்ளிருந்தே பார்த்தேன். விரல் இடுக்கில் அதே கொப்புளம். அதே வெடிப்பு. அதே நீர். இருபத்தைந்து வயதுப் பெண், போன வருஷம்தான் கல்யாணம் ஆனது.

அதன் பிறகு நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. துடைப்பம் கையிலேயே இருந்திருக்கிறது. தெருவில் நின்று கத்தினேன். பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

"பவுடரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அது எபாக்சிடி! அத வெறுங் கையால தொடக் கூடாது. வாளிக்குள்ள உனக்குக் கிளவுசு வந்துச்சு, நான்தான் எடுத்துக்கிட்டேன். மலரு கை போனதும் என்னாலதான். கொத்தனாரே, கம்பெனி ஒண்ணும் சொல்லல, நான் பொய் சொன்னேன். நீங்க எந்தக் கடையில வாங்கினாலும் இந்தப் புள்ளய அதத் தொட விடாதீங்க!"

குஞ்சிதபாதம் வாயைத் திறந்தபடி நின்றார். ராமாயி தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மலர்க்கொடியின் கறுத்துத் தடித்த கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எனக்கு இந்தப் புண்ணு ஆறிப் போயிருமாக்கா?"